அப்பா செத்த பிறகு அப்பாவுக்கு நாங்கள் யார்?

எங்கட தோழி ஒருத்தி சாம்பல்தீவில் இருக்கிறாள். போன வருடம் அவளுடைய அப்பா போய்ட்டார். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த அடுத்த கிழமை, அப்பாவின் வங்கிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவளும் அம்மாவும் வங்கிக்குப் போனார்கள். "வாரிசு யார் யார் எண்டு உறுதிப்படுத்தி ஒரு கடிதம் கொண்டு வாங்கோ" என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து ஃபோனை எடுத்துத் தமிழில் தேடினாள். வந்து விழுந்ததெல்லாம் 'வாரிசுச் சான்றிதழ் பெறுவது எப்படி' என்ற வீடியோக்கள். இ-சேவை மையத்துக்குப் போங்கள், விஏஓ விசாரிப்பார், ஆர்ஐ பார்ப்பார், தாசில்தார் கையெழுத்துப் போடுவார். பத்து வீடியோ பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: எங்கட ஊரில் தாசில்தாரே இல்லை.

இந்தக் கட்டுரை அந்த இடத்தில் இருந்துதான் தொடங்குகிறது. தமிழில் தேடினால் கிடைக்கிற பதில் கடலுக்கு அந்தப் பக்கத்துப் பதில். இந்தப் பக்கத்துக்குப் பதில் ஒன்று இருக்கா என்றால், ஒரே கடதாசியாக இல்லை. அது இல்லாததுதான் எங்கட சண்டை.

முதலில் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் ஒருவர் இறந்தால், வருவாய்த் துறை 'இன்னாருக்கு வாரிசுகள் இவர்கள்' என்று ஒரு சான்றிதழ் கொடுக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்தோ, ஆட்களைக் கூப்பிட்டோ விசாரிப்பார். இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் எல்லாம் பார்ப்பார். அக்கம்பக்கத்தில் கேட்பார். முக்கியமாக அவர் தேடுவது மறைக்கப்பட்ட ஆட்களை: கட்டிக் கொடுத்த மகள், முதல் தாரத்துப் பிள்ளை, அப்பாவுக்கு முன்னமே செத்துப்போன மகனின் பிள்ளைகள். அவருக்கு மேலே வருவாய் ஆய்வாளர், அதற்கு மேலே தாசில்தார். வாரிசுகளுக்குள் பிணக்கு என்று தெரிந்தால் தாசில்தார் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, 'நீதிமன்றத்துக்குப் போங்கள்' என்று விடுவார். அந்தச் சான்றிதழ் யாருக்கும் சொத்தை எழுதிக் கொடுக்காது. யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லும், அவ்வளவுதான்.

அது பொற்காலம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. குடும்ப அட்டையில் பெயர் இல்லாத மகளை மறைத்து வாங்குகிற சான்றிதழ்கள் பற்றி அங்கேயே வழக்குகள் நடக்கின்றன. ஆனால் ஒரு பெயர், ஒரு அலுவலகம், ஒரு கடதாசி என்று இருக்கிறது. பிழை இருந்தால் எந்தக் கடதாசியில் பிழை என்று விரல் வைத்துச் சொல்லலாம்.

இங்கே? தோழியின் நடையைச் சொல்கிறோம். வங்கி கேட்டதற்காக ஜிஎஸ்ஸிடம், அதாவது கிராம அலுவலரிடம், போனாள். குடும்ப விவரத்தை எழுதிக் கடிதம் தந்தார். அதை உறுதிப்படுத்த பிரதேச செயலகம். கூடவே ஜேபியிடம் ஒரு சத்தியக்கடதாசி. அதோடு முடிந்ததா? அப்பா வேலை செய்த இடத்தின் ஊழியர் சேமலாப நிதிக்குத் திரும்பவும் அதே விவரம், வேறு படிவத்தில். அரச காணியின் பெர்மிட்டுக்குக் காணிப் பிரிவில் இன்னொரு விசாரணை. சொத்துப் பெறுமதி சட்டம் சொல்கிற எல்லையைத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றத்தில் 'ரெஸ்ரமென்ரறி' வழக்கு. ஒரே அப்பாவை நான்கு இடத்தில் நான்கு தடவை சாகடிக்க வேணும். ஒவ்வொரு இடமும் தன் பாட்டில் தனிப் பட்டியல் வைத்திருக்கும். ஒன்றில் மூன்று பிள்ளைகள், இன்னொன்றில் இரண்டு என்று இருந்தாலும், அதை ஒருவரும் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள்.

சரி, இந்த அலுவலகங்கள் எதைத்தான் பார்க்கின்றன? தோழியோடு இருந்து கடதாசிகளை விரித்துப் பார்த்தபோது மூன்று இடத்தில்தான் எல்லாம் தட்டுப்படுகிறது என்று விளங்கியது.

முதலாவது பெயர். அப்பாவின் மரணச் சான்றிதழ், அப்பாவின் ஐசி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் 'தந்தையின் பெயர்' என்ற கட்டம், இந்த மூன்றும் ஒரே ஆளைச் சொல்ல வேணும். மரணச் சான்றிதழில் இருக்கிற விவரங்களைச் சொல்வது யார்? இறப்பை அறிவிக்கப் போகிற ஆள். அது பெரும்பாலும் அழுது முடிக்காத மகனோ, அவசரத்தில் வந்த சித்தப்பாவோ. வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிவிடுவார், தகப்பன் பெயரைச் சுருக்கிவிடுவார், வயதைக் குத்துமதிப்பாகச் சொல்வார். தோழியின் அப்பாவுக்கு ஐசியில் பெயர் 'ராஜா' என்று முடிகிறது, பிள்ளைகளின் பத்திரங்களில் 'இராசா' என்று முடிகிறது. எங்களுக்கு அது ஒரே பெயர். கவுண்டரில் இருக்கிறவருக்கு அது இரண்டு ஆள். 'இருவரும் ஒருவரே' என்று ஒரு சத்தியக்கடதாசி எழுத ஒரு நாள் போனது. இது சின்ன விஷயம்தான், ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய ஒரு நாள். மரணத்தைப் பதியப் போகும்போது ஐசியையும் ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் கையில் கொண்டு போனால், அங்கேயே எழுத்தைச் சரிபார்த்துவிடலாம்.

இரண்டாவது கலியாணம். இதுதான் உயிர்நாடி. தோழியின் அம்மாவும் அப்பாவும் தொண்ணூறுகளில், இடம்பெயர்ந்து இருந்த காலத்தில், கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள். 'எழுத்து' எழுதவில்லை. அப்போது எழுத்து எழுத யாருக்கு மனம் இருந்தது? திருகோணமலைக் கரையோரத்தில் இப்படி எத்தனை குடும்பம் என்று கேட்டுப் பாருங்கள், உங்கட தெருவிலேயே இருக்கும்.

இங்கே இரண்டு விஷயத்தைக் குழப்பக்கூடாது. எழுத்து எழுதிக் கடதாசி தொலைந்தது ஒன்று, எழுத்தே எழுதாதது இன்னொன்று. இடப்பெயர்விலோ 2004 சுனாமியிலோ தொலைந்திருந்தால், பதிவேட்டில் அது இருக்கும். பதிந்த இடத்தையும் ஆண்டையும் சொல்லிப் பிரதியை எடுக்கலாம். எழுதவே இல்லையென்றால் எடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் அதற்காகக் கலியாணமே நடக்கவில்லை என்று ஆகாது. வழக்கப்படி சடங்கு செய்து, ஊர் அறியக் கணவன் மனைவியாக வாழ்ந்தால் அதை இலங்கை நீதிமன்றங்கள் திருமணமாக ஏற்றுக்கொண்டு வந்திருக்கின்றன. பதிவு என்பது திருமணத்துக்குச் சிறந்த சாட்சி. பதிவு இல்லாவிட்டால் திருமணம் செல்லாது என்று பொதுச் சட்டம் சொல்லவில்லை.

சிக்கல் என்னவென்றால், அதை ஏற்றுக்கொள்கிற அதிகாரம் நீதிபதிக்கு. கவுண்டரில் இருக்கிறவருக்குக் கடதாசி வேணும். அதனால் சட்டம் 'மனைவி' என்று சொல்கிற ஒருத்தியை அலுவலகம் 'கூட இருந்தவ' என்று பார்க்கும். பிள்ளைகளையும் அது விடாது. எங்கட பழைய பிறப்புச் சான்றிதழ்களில் 'பெற்றார் விவாகம் செய்தவர்களா' என்று ஒரு கட்டம் இருக்கு. பெரும்பாலான ஆட்கள் அந்தக் கட்டத்தை வாழ்க்கையில் ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பொதுச் சட்டப்படி, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு உயில் எழுதாமல் இறந்த தாயின் சொத்தில் பங்கு உண்டு, தகப்பனின் சொத்தில் இல்லை. இந்தக் காலத்திலும் இதுதான் சட்டம். அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தால், இருபது வருடம் கழித்து அது எழுந்து வந்து வாசலில் நிற்கும். தோழியின் பத்திரத்தில் 'ஆம்' என்று இருந்தது. யார் சொன்னார்களோ, நல்ல காலம். அதையும், அம்மா அப்பா இரண்டு பேரின் பெயரும் ஒரே வீட்டு இலக்கத்தில் இருந்த பழைய வாக்காளர் பட்டியலையும், கலியாணத்தை நேரில் பார்த்த இரண்டு பெரியவர்களின் சத்தியக்கடதாசியையும் சேர்த்துத்தான் அம்மாவை 'மனைவி' என்று எழுத வைத்தார்கள். முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த ஒரு பொம்பிளை, தாலியைக் கழற்றின பிறகு, தாலி கட்டினதை நிரூபிக்க வேண்டிக் கிடந்தது.

மூன்றாவது பட்டியல். ஜிஎஸ்ஸிடம் இருக்கிற விவரம் வீட்டில் குடியிருக்கிறவர்களின் விவரம். வாரிசு என்பது குடியிருப்பு அல்ல, பிறப்பு. இந்த இரண்டும் வேறு வேறு என்பதை எங்கட பக்கத்தில் தெளிவாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பட்டியலில் இருந்து காணாமல் போகிறது கட்டிக் கொடுத்த மகள். கிழக்கில் அனேகமான குடும்பங்களில் வீட்டை மகளுக்குச் சீதனமாகக் குடுத்து, மருமகன் அங்கே வருவார். அப்போ எங்கட பட்டியலில் இருந்து காணாமல் போகிறது கலியாணம் கட்டிப் போன மகன். தோழியின் தம்பி மட்டக்களப்பில் மனைவி வீட்டில். முதல் எழுதின கடிதத்தில் அவன் பெயரே இல்லை. ஒருவரும் ஏமாற்றவில்லை, 'வீட்டில் யார் இருக்கிறீங்கள்' என்று கேட்டார்கள், இருக்கிறவர்களைச் சொன்னார்கள். 'அவருக்கு எத்தனை பிள்ளைகள்' என்று கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். ஒரு கேள்வி பிழைத்தால் ஒரு வாரிசு இல்லாமல் போகிறான்.

இவ்வளவும் எதற்கு? இந்த இடத்தில் எல்லாரும் மறந்துபோகிற ஒன்றைச் சொல்ல வேணும். இலங்கையின் பொதுச் சட்டப்படி, உயில் எழுதாத ஒருவர் இறந்த கணமே அவருடைய உறுதிக் காணியும் வீடும் வாரிசுகளுக்குப் போய்விடுகின்றன. ஜிஎஸ்ஸோ பிரதேச செயலாளரோ எங்களுக்கு எதையும் தரப் போவதில்லை. சட்டம் ஏற்கனவே தந்துவிட்டது. அவர்கள் செய்வது சரிபார்ப்பு மட்டும். ஆனால் கவுண்டருக்கு முன்னால் நிற்கும்போது நாங்கள் பிச்சை கேட்கிறவர்கள் மாதிரியும், அவர்கள் கொடை குடுக்கிறவர்கள் மாதிரியும் ஒரு நாடகம் நடக்கும். அந்த நாடகத்தை நம்பாதீர்கள்.

பங்கு எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் வீடியோ பார்த்துத் தோழி வீட்டில் ஒரு சண்டையே வந்தது. தேசவழமை வட மாகாணத் தமிழருக்கான சட்டம். தலைமுறையாகத் திருகோணமலையில் இருக்கிற குடும்பத்துக்குப் பொதுச் சட்டம், அதாவது 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம். அதன்படி பாதி மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. வங்கியில் 360,000 ரூபாய் இருக்கிறது என்று வைப்போம். அம்மாவுக்கு 180,000. அக்கா, தோழி, தம்பி மூவருக்கும் ஆளுக்கு 60,000. ஆண் பெண் வித்தியாசம் இல்லை.

வீடியோவில் சொன்னது வேறு. இந்தியாவின் 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, பிள்ளைகள், தாய் எல்லாருக்கும் சம பங்கு. அங்கே என்றால் அதே 360,000 ரூபாய் ஐந்தாகப் பிரிந்து ஆளுக்கு 72,000. தோழியின் அப்பம்மா இன்னும் இருக்கிறா. மாமா ஒருவர் வீடியோவைக் காட்டி, "அப்பம்மாவின்ர பேரை ஏன் போடேல்ல, மறைக்கப் பாக்கிறீங்களா" என்று கேட்டுப்போட்டார். இங்கே பிள்ளைகள் இருக்கும்போது இறந்தவரின் தாய்க்குப் பங்கு இல்லை. சட்டம் அப்படி. மகனை இழந்த கிழவியை யார் பார்க்க வேணும் என்பது வேறு கேள்வி, அதில் இந்தியச் சட்டம் எங்களதைவிட நியாயமானது என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆனால் பிழையான நாட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு செத்த வீட்டில் சண்டை பிடித்தது வீண். எங்கட அலுவலகம் எங்கட மொழியில், இரண்டு பக்கத்தில், இதை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் அந்தச் சண்டை வந்திராது.

பெர்மிட் காணிக்கு இந்தக் கணக்கே செல்லாது. தோழியின் அப்பாவுக்கு உள்ளே ஒரு துண்டு வயல் இருக்கு, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட். அது எல்லா வாரிசுக்கும் பிரியாது. மனைவி இருந்தால் அவ சாகும் வரைக்கும் அவவின் கையில், அதற்குப் பிறகு பின்னுரித்தாளி என்று பெயர் குறித்த ஒருவருக்கு. பெயர் குறிக்காமல் இறந்தால், சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். எண்பது வருடத்துக்கு மேலாக அந்த அட்டவணையில் முதல் வரி மகன்கள், இரண்டாவது வரி மகள்கள். ஒருவருக்கு ஐந்து மகள் இருந்து, கடைசியாக ஒரு மகன் பிறந்திருந்தாலும் காணி அவனுக்கு. 2022 இல்தான் சட்டத்தைத் திருத்தி மகன், மகள் என்ற பிரிவை எடுத்தார்கள். இப்போ மூத்த பிள்ளைக்கு முன்னுரிமை, அது பெண்ணாக இருந்தாலும். ஊரில் இன்னும் "வயல் பொடியனுக்குத்தானே" என்று சொல்கிறார்கள். இல்லை. தோழி வீட்டில் அக்காதான் மூத்தவள்.

அதைவிட முக்கியம் காலக்கெடு. இறந்த நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் மனைவி காணியைப் பொறுப்பெடுத்து ஆட்சியில் இருக்க வேணும். இல்லாவிட்டால் அவ உரிமையை விட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வங்கிக் காசு காத்திருக்கும், காணி காத்திருக்காது. ஆனால் ஆட்கள் முதல் ஓடுவது வங்கிக்கு. 'மனைவி' என்று நிரூபிக்கவே நாலு மாதம் போன ஒரு அம்மாவுக்கு ஆறு மாதம் என்பது எவ்வளவு குறுகலானது என்று யோசியுங்கள்.

இப்போ எங்கட கோரிக்கை. பிரதேச செயலகம் ஒரே ஒரு வாரிசுப் பட்டியலைக் கொடுக்க வேணும். நாள் குறித்து, ஒரு அறிவித்தலைச் செயலகத்திலும் ஊரிலும் பகிரங்கமாக ஒட்டி, ஆட்சேபனை இல்லாவிட்டால் கையெழுத்திட்டு. படிவத்தில் முதல் கேள்வி 'வீட்டில் யார்' என்பது அல்ல, 'இறந்தவருக்கு எத்தனை கலியாணம், எத்தனை பிள்ளைகள், அவர்கள் எங்கே' என்பதாக இருக்க வேணும். எழுத்து இல்லாத கலியாணத்துக்கு எந்தெந்தச் சாட்சியை ஏற்பார்கள் என்று எழுத்தில் சொல்ல வேணும். அந்தப் பட்டியலை வங்கி, சேமலாப நிதி, காணிப் பிரிவு எல்லாரும் ஏற்க வேணும்.

"இப்படிக் குடுத்தால் மோசடி கூடும், நீதிமன்றம் எதுக்கு இருக்கு" என்று சட்டம் படிக்கிற நண்பர் ஒருவர் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். பிணக்கு என்றால் நீதிமன்றம்தான், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பிணக்கே இல்லாத வீடுகள்தான் அதிகம். இப்போ இருக்கிற முறைதான் மறைக்க வசதியானது: நாலு அலுவலகத்துக்கு நாலு பட்டியல் குடுக்கலாம், எதுவும் ஊருக்குத் தெரியாது. ஒரே பட்டியலைச் சுவரில் ஒட்டினால், மட்டக்களப்பில் இருக்கிற தம்பிக்கு யாராவது ஒருவர் ஃபோன் எடுத்துச் சொல்வார்.

"அந்த அதிகாரம் எங்களுக்கு இல்லை" என்றும் சொல்வார்கள். இந்த அலுவலகங்களின் வரலாற்றைப் பாருங்கள். கச்சேரி என்று நாங்கள் இன்னும் சொல்கிற இடம் வெள்ளைக்காரன் வரி எடுக்க வைத்த வருவாய் அலுவலகம்தான். கலெக்டரும் அரசாங்க அதிபரும் ஒரே வேலைக்கு வைத்த இரண்டு பெயர். 1963 இல் விதானைமாரை எடுத்துவிட்டு இப்போதைய கிராம அலுவலர் முறையைக் கொண்டுவந்தார்கள். 1992 இல் ஒரு சட்டம் போட்டு அரசாங்க அதிபரின் அதிகாரங்களைப் பிரதேச செயலாளருக்கு மாற்றினார்கள். வேணும் என்றபோது அதிகாரம் மாறியிருக்கு. செத்த வீட்டுக்காக மட்டும் மாறாது என்றால் அதை எப்படி நம்புவது?

அது வரும் வரைக்கும் சும்மா இருக்க ஏலாது. இந்தக் கிழமை வீட்டுக்குப் போகிறவர்கள், அப்பா திண்ணையில் இருக்கும்போதே மூன்று வேலை செய்யுங்கள். உங்கட பிறப்புச் சான்றிதழை எடுத்து அப்பாவின் ஐசியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், அந்த விவாகக் கட்டத்தையும் பாருங்கள். பெர்மிட் காணி இருந்தால் பின்னுரித்தாளி பெயர் பதிந்திருக்கா என்று கேளுங்கள். அம்மா அப்பாவுக்கு எழுத்து இல்லையென்றால், வெட்கப்படாமல் பதிவாளரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பேரும் இருக்கும்போதுதான் அது முடியும், ஒருவர் போன பிறகு முடியாது.

தோழியின் அம்மாவுக்கு வங்கிக் காசு வந்துவிட்டது. வயல் விசாரணை இன்னும் முடியவில்லை. ஆனால் ஆறு மாதம் முடிவதற்குள் அவ வயலில் இறங்கி விதைத்துவிட்டா. விதைத்ததைப் படம் எடுத்து, ஜிஎஸ்ஸிடம் எழுத்தில் ஒரு கடிதமும் வாங்கி வைத்திருக்கிறா. அதை எந்த வீடியோவும் சொல்லிக் குடுக்கவில்லை.